கோசலாவின் ஐந்து லட்சம் எங்கே போனது

பாலாவிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போதே கோசலாவுக்கு உச்சந்தலைவரைக்கும் கோபம் ஏறியிருந்தது. உப்பு லொறி ஒன்று அவள்மேல் புழுதி அள்ளி வீசிவிட்டுப் போனது. "கண் தெரியாதாடா உனக்கு!" என்று கத்தினாள். பாவம் அந்த டிரைவர், நேற்று இரவு தம்பிக்குச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவன் தலையில்தான் கொட்டினாள்.

நேற்று இரவு இந்துஜன் அவள் வீட்டு முற்றத்தில் நின்று கேட்ட கேள்வி அப்படி.

"உன்ட பத்து மாசத் தவணைய முன்னுக்கே கட்டி வச்சிட்டு, என்னை விடுவிக்கக் கட்டினேன் எண்டு சொல்லுறியே, வெக்கமில்லையா அக்கா?"

கூடப் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? தன் ஊரான உடப்பில் கருவாடு காயவைக்கும் வாடி போடுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வங்கியில் இருபது லட்சம் எடுத்தாள். பிணைக்குக் கையெழுத்துப் போட்டவன் இந்துஜன். இப்போது அவனுக்குப் படகு எஞ்சின் வாங்கக் கடன் வேண்டும். சித்திரையோடு இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் கிழக்குக் கரைக்குப் போனால்தான் உழைப்பு. அக்காவின் கடனில் வட்டி போக நிற்கும் முதல் தொகை பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அவனைப் பிணையிலிருந்து விடலாம், பிறகு அவன் பேரில் எஞ்சின் கடன் கொடுக்கலாம் என்று வங்கி சொல்லியிருந்தது. மிச்சம் நின்றது பதின்மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம். கோசலா சீட்டை எடுத்தாள், கைக்காப்பு நாலையும் விற்றாள், பன்னிரண்டாம் திகதி ஐந்து லட்சத்தைக் கொண்டுபோய்க் கவுண்டரில் கட்டினாள். நேற்று இந்துஜன் வங்கிக்குப் போனால், கடன் முதல் அதே பதின்மூன்று எழுபத்திரண்டு. ஒரு சதம் இறங்கவில்லை. அக்கா தவணையை முன்னுக்கே கட்டி வைத்திருக்கிறாள், கடனும் இல்லை போ என்று அனுப்பிவிட்டார்கள்.

வங்கியின் கடன் பகுதியில் பரீனா இருந்தாள். கோசலாவின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்க கோசலாக்கா."

"நான் இருக்க வரேல்ல. என்ட அஞ்சு லட்சம் எங்க?"

பரீனா கணினியைத் தட்டினாள். "காசு ஈக்கி அக்கா. எங்கயும் போகல்ல. உங்கட கடன் கணக்கிலதான், முன்தவணையாப் போட்டு வெச்சீக்கி."

"அது என்ன கோதாரி?"

"உங்கட ஊராக்கள் எல்லாரும் பங்குனியில வந்து, கடல் தொழில் இல்லாத மாசத்துக்கும் சேத்துத் தவணைய முன்னுக்கே கட்டுவாங்க தானே. நீங்களும் போன வருஷம் கட்டினீங்க. கவுண்டர்ல அதே மாதிரி போட்டுட்டாங்க. அந்தக் காசு அப்படியே ஈக்கும். ஒவ்வொரு மாசமும் இருபத்தஞ்சாம் திகதி அதுலேந்து ஒரு தவணைய எடுப்பம். முதல்ல அந்த மாச வட்டி, மிச்சம்தான் முதலுக்கு. நாப்பத்தேழாயிரத்துச் சொச்சத்துல பதினேழாயிரம் வட்டிக்கு, முப்பதாயிரம் முதலுக்கு. இந்த மாசத் தவணை நாள் இன்னும் வரல்ல, அதனாலதான் முதல் அப்படியே நிக்குது."

கோசலா மேசையில் கையை ஊன்றினாள். கணக்கு அவளுக்குப் புதிதல்ல, கருவாடு விற்கிறவளுக்குக் கணக்குத் தெரியாதா?

"அப்ப பத்து மாசமும் என்ட காசு உங்களிட்ட கிடக்கும். நான் முழுக் கடனுக்கும் வட்டி கட்டுவேன். அப்படித்தானே?"

பரீனா தலை குனிந்தாள். "ஓம் அக்கா. பத்துத் தவணையில கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வட்டிக்கே போகும்."

"என்ட கைக்காப்பு வித்த காசு!" அவள் குரலில் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். "யாரைக் கேட்டுப் போட்டீங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா, தவணைக்கா முதலுக்கா எண்டு? உடப்புக்காரர் காசு கொண்டந்தா தவணைக்குத்தான், வேற எதுக்கும் வராது எண்டு எழுதி ஒட்டியிருக்கா?"

"முதலுக்குக் கழிக்கிறதெண்டா ஒரு கோரிக்கை எழுதித் தரோணும் அக்கா..."

"அத அண்டைக்குச் சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

உள்ளே இருந்து மனேஜர் இஸ்ஸதீன் வெளியே வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷனைக் கண்டால் கோபம் இறங்க வேண்டும் என்று சட்டமா? கோசலா ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள், முன்னையைவிடச் சத்தமாக. அவர் இடைமறிக்காமல் கேட்டார். பரீனாவின் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார்.

"பிழை எங்கட பக்கம்தான் தங்கச்சி. கேட்டிருக்கோணும். இப்ப ஒரு கடிதம் எழுதித் தாங்க. நீங்க கட்டின பன்னிரண்டாம் திகதியில இருந்தே மாத்தித் தாறேன்."

கோசலா நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். பேனா கடுதாசியைக் கிழித்துவிடும்போல் இருந்தது. அரை மணித்தியாலத்தில் பரீனா திரையைத் திருப்பிக் காட்டினாள். கடைசித் தவணைக்குப் பிறகு பன்னிரண்டாம் திகதிவரை ஏறிய பதினேழு நாள் வட்டி, ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொச்சம், அந்த ஐந்து லட்சத்திலிருந்து கழிந்திருந்தது. மிச்சம் முழுக்க முதலுக்குப் போயிருந்தது. கடன் முதல் எட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துக்குக் கிட்ட.

"மாசா மாசம் தவணைய வழமைபோலக் கட்டோணும் அக்கா. ஆனா வட்டி இனிப் பதினோராயிரம்தான் வரும்," என்றாள் பரீனா.

கோசலா அங்கேயே நின்று இந்துஜனுக்கு அழைப்பெடுத்தாள்.

"தம்பி, இறங்கிட்டுது. எட்டு லட்சம் சொச்சம். உன்னை விடலாம். உடன வா."

மறுபக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், தணிந்து.

"பிந்திட்டுது அக்கா. காலையில கதிரவேலு முதலாளிட்டக் காசு வாங்கிட்டேன். எஞ்சினும் எடுத்தாச்சு."

கதிரவேலு முதலாளியிடம் முற்பணம் வாங்கினால் அது தீரும்வரை பிடிக்கிற மீனெல்லாம் அவருக்குத்தான், அவர் சொன்னதுதான் விலை. அவர்களுடைய அப்பா அப்படித்தான் சாகும்வரை ஒரு கிலோ இறாலைத் தன் விருப்பத்துக்கு விற்றதில்லை. தம்பிக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதானே காப்பு நாலும் போனது.

"என்னை நம்பாம ஏண்டா போனாய்?"

"நீ உனக்குத்தானே கட்டிக்கொண்டாய் எண்டு நினைச்சேன்."

கோசலா போனை மனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்க. என்ட தம்பிக்குச் சொல்லுங்க."

இஸ்ஸதீன் போனை வாங்கினார். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. "தம்பி, நான் மனேஜர் கதைக்கிறேன். உங்கட அக்கா காசு கட்டினது முதலுக்குத்தான். நாங்கதான் கேட்காம மாத்திப் போட்டுட்டம். அவவில ஒரு பிழையும் இல்ல."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மறுபக்கத்தில் இந்துஜன் அழுதுகொண்டிருந்தான். கோசலாவும் அழுதிருப்பாள், ஆனால் அதற்கு இன்னும் நேரமிருந்தது.

"அழுறத விட்டுட்டு அடையாள அட்டைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறு," என்று சொல்லிப் போனை வைத்தாள். வந்ததிலிருந்து தொடாத கதிரையை மேசையோடு ஒட்ட இழுத்து, உட்கார்ந்தாள்.

"அவன் வாறான். அந்த எஞ்சினுக்கே அவனுக்குக் கடன் எழுதுங்க. முதலாளிட காச முழுசாத் திருப்பிக் குடுக்கோணும். அது முடியுமட்டும் நான் இதால எழும்ப மாட்டேன்."

"ஒரு நாளில முடியாது தங்கச்சி..."

"அப்ப நாளைக்கும் வருவேன். அவன் கடன் எடுத்துப் போட்டு, எண்டைக்காவது தவணைக்கு மேல ஒரு ரூபா கொண்டந்து நீட்டினா..." அவள் பரீனாவையும் மனேஜரையும் மாறிமாறிப் பார்த்தாள். "கேட்டுப் போடுங்க."

பரீனா மேசை லாச்சியைத் திறந்து, விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து, முதல் வரியில் இந்துஜன் என்று எழுதினாள்.