வலது மூலையில் ஒரு கறை

நான் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். ஒரு நாள் சாயங்காலம் என் மானிட்டர் ஒரு சத்தமும் போடாமல் கண்ணை மூடிவிட்டது. அதற்கு இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு நாற்பது பக்க ஆல்பம் அச்சகத்துக்குப் போக வேண்டும். மடிக்கணினியின் திரையோ மங்கல், மஞ்சள் வேறு. அதைப் பார்த்து நிறம் திருத்தினால் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். ஆல்பம் தாமதமானால் அந்த ஸ்டூடியோக்காரர் அடுத்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், வாயால் சொல்லவும் மாட்டார். இடையில் இருந்த அந்த ஒரு நாளுக்குள் எனக்கு ஒரு திரை வேண்டும், புதிது வாங்கக் கையில் வசதியில்லை.

அக்கா வீட்டுக்காரர் சின்ன வேன் ஓட்டுகிறார். மறுநாள் காலையில் ஒரு மெத்தை விரிப்பையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"பழசு வாங்கப் போறோம். பொண்ணு பாக்கப் போற மாதிரி மூஞ்சிய வச்சுக்காத," என்றார் அத்தான்.

"ஏமாந்து வர்ற மூஞ்சிய விட இது தேவல," என்றேன்.

நான் சோதிக்காமல் எதையும் வாங்குகிறவள் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்று திரை முழுவதும் ஒரே நிறமாக நிற்கும் படங்களை இணையத்தில் எடுத்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். செத்த புள்ளியும், ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் புள்ளியும் அவற்றில் மாட்டும். ஒரே படம் நாள் கணக்கில் நின்று திரையில் பதிந்துபோயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது சாம்பல் நிறம்தான். ஊரான் செய்த சாம்பலை நம்பாமல், முந்தின நாள் ராத்திரி அதை மட்டும் நானே என் ஆல்பம் மென்பொருளில் செய்தேன்.

முதலில் போன வீடு ஒரு மொழிபெயர்ப்பாளருடையது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவருக்கு இப்போது அலுவலக வேலை கிடைத்துவிட்டதால் மானிட்டரை விற்கிறார். அவர் மனைவி வாசல்வரை வந்து கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கேபிளை மாட்டி அசைத்துப் பார்த்தேன், படம் அலுங்கவில்லை. மானிட்டரின் மெனுவுக்குள் போய் அது இதுவரை ஓடிய நேரத்தைப் பார்த்தேன், இரண்டாயிரத்து நூறு மணி நேரம். இந்த வகைத் திரைக்கு அது ஒன்றுமே இல்லை. கறுப்பில் மட்டும் ஓரத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. நான் கேட்பதற்கு முன்பே அதை அவரே காட்டினார். இவ்வளவுதான் குறை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

கடைசியாகச் சாம்பலைப் போட்டேன். வலது கீழ் மூலையில் லேசாக ஒரு கறை, எழுத்து மாதிரி.

"என்ன சார் இது? கம்ப்யூட்டர் மூலைல ஓடுற கடிகாரம் அப்படியே பதிஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "நான் பாத்ததே இல்லையேங்க..."

"தினமும் இது முன்னாடி உக்காந்தவருக்குத் தெரியாதாக்கும். வர்றவங்கள்லாம் கண்ண மூடிட்டு வருவாங்கன்னு நெனச்சீங்களா?"

என் வாய் அப்படி. அவர் முகம் சுருங்கிப்போனது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்தது, மூடப்போகும் ஒரு கணினிப் பயிற்சி நிலையம். அங்கே கேபிளைத் தொட்டதுமே படம் போய்ப் போய் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், இணைப்புத் துவாரம் உள்ளே ஆட்டம் கண்டிருந்தது. போதாததற்கு சாம்பலில் அங்கேயும் வலது மூலையில் கறை.

"இந்த ஊர்ல எல்லாரும் மணி பாத்துட்டே இருப்பாங்க போல," என்றார் அத்தான்.

மூன்றாவதாக, பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடை. கடைக்காரர் மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். அவர் காட்டிய முதலாவதிலும் கறை, இரண்டாவதிலும் கறை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கழிச்சுக் கட்டினதெல்லாம் பொறுக்கி வச்சிருக்கீங்களாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். வாங்கிய மறுநாளே யாரோ திருப்பிக் கொடுத்ததாம், என் கைக்கு எட்டாத விலை. ஓடியது பன்னிரண்டு மணி நேரம் என்று காட்டியது. "ம், போடும்மா ஒன் சாம்பல."

போட்டேன். வலது மூலையில் கறை.

"பன்னெண்டு மணி நேரத்துல பதிஞ்சிடுமா? எங்க, அந்தப் படத்தத் தலைகீழா திருப்பு."

திருப்பினேன். கறை இடது மேல் மூலைக்குப் போய்த் தலைகீழாக உட்கார்ந்துகொண்டது.

"திரையில இருந்தா நகராது. இது ஒன் படத்துல இருக்கு," என்றார் அவர்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஐயோ, என் பேர் போட்ட முத்திரை. யாரும் என் பக்கங்களைத் திருடிவிடக் கூடாது என்று, மென்பொருளிலிருந்து வெளியே போகும் படம் ஒவ்வொன்றிலும் மூலையில் மங்கலாக விழும்படி நானே வைத்த முத்திரை. என் மங்கல் திரையில் அது தெரியவே இல்லை. அத்தான் ஒரு மானிட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, இன்னிக்குப் பொழுது போச்சு," என்றார்.

மணி நாலரை. என் காசுக்கு ஏற்ற நல்ல திரை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, அந்த வீட்டில். போகிற வழியெல்லாம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மொழிபெயர்ப்பாளர் கதவைத் திறந்தார். மானிட்டரின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'வலது கீழ் மூலையில் கறை உள்ளது.'

"ரெண்டு பேர் வந்து படிச்சிட்டுப் போயிட்டாங்க," என்றார். "நீங்க வேணும்னா பாதி வெலைக்கு எடுத்துக்குங்க. காலைல நீங்க சொன்னது சரிதான். அப்பறம் பாத்தேன், எனக்கும் லேசா தெரியுது."

அத்தான் என் முழங்கையைக் கிள்ளினார். "வாய மூடிட்டு வாங்கிக்க," என்று காதோடு சொன்னார்.

பாதி விலை. சபலம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் தாளை எழுத வைத்தது என் வாய்.

"கறையே இல்ல சார். தப்பு என்னோடது," என்றேன்.

அவர் நம்பவில்லை. "இல்லீங்க, இதோ இங்க," என்று ஒன்றுமில்லாத மூலையைக் காட்டினார். சமையலறையிலிருந்து மனைவி வந்தார். "காலைலேருந்து துணிய வச்சுத் தொடச்சிட்டே இருக்கார்," என்றார். குரலில் கனிவில்லை.

நான் மடிக்கணினியை மாட்டி என் சாம்பலைப் போட்டேன். இருவரும் மூலையைப் பார்த்தார்கள். தலைகீழாகத் திருப்பினேன். கறை மேலே ஓடியது. பிறகு கடையிலேயே முத்திரை இல்லாமல் புதிதாகச் செய்துகொண்ட சாம்பலைப் போட்டேன். திரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"மூணு எடத்துல என் பேரையே கறைன்னு காட்டிட்டு வந்திருக்கேன். உங்களப் பொய்யர் மாதிரி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவியோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

"நீங்க போனதும் இவ ஒண்ணு கேட்டா," என்றார் கணவர் என்னிடம். "தெரிஞ்சேதான் விக்கப் பாத்தீங்களான்னு. பதினாலு வருஷத்துல என்னய அப்படிக் கேட்டதில்ல."

மனைவி போய் அந்தத் தாளைப் பிய்த்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க," என்றார் கணவரிடம். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

முழு விலையைக் கொடுத்தேன். அத்தான் மெத்தை விரிப்பில் மானிட்டரைச் சுற்றித் தூக்கினார். வேன்வரை அவர்கள் இருவருமே வந்தார்கள், ஒரே குடையில், மழையும் வெயிலும் இல்லாமலே.