நான் யாரோட கேண்டிடேட்டும் இல்ல

எங்கள் வீட்டில் குடும்பம் நடப்பது வாசலில்தான். நான் குளிர்பதனக் கிடங்கில் நைட் ஷிஃப்ட் முடித்து உள்ளே வரும்போது, என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டக் கிளம்பி வெளியே போவார். ராத்திரி அவர் உள்ளே, நான் வெளியே. கரன்ட் பில் கட்டியாச்சா, சின்னதுக்குக் காய்ச்சல் விட்டதா, உன் தம்பி போன் பண்ணானா, எல்லாம் செருப்பு மாட்டும் நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். சண்டை போடக்கூட நேரம் பத்தாது. பாதியில் விட்ட சண்டைகளே வீட்டில் ஏகப்பட்டது கிடக்கிறது.

சின்னது என்றால் எங்கள் மகள். குடும்பத்தை வரையச் சொன்னார்களாம் பள்ளிக்கூடத்தில். அப்பா நிற்கிறார், அவள் நிற்கிறாள், நான் மட்டும் படுத்துக் கிடக்கிறேன். "தூங்கிட்டுதானேம்மா இருக்க எப்பவும்," என்றாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன், பகல் வேலை தேடுவதென்று. எந்த வேலையானாலும் சரி, பகல் வேலையாக இருக்க வேண்டும்.

தேடினேன். கன்சல்டன்சி நடத்தும் ஒருவர் கிடைத்தார். வாயைத் திறந்தால் "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் நல்லது. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு பெரிய கிடங்கு வருகிறது, சரக்கு அனுப்பும் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேண்டும், பகல் ஷிஃப்ட் என்றார். கம்பெனி பெயரையும் சொன்னார். "உங்க விவரத்த அனுப்பலாம்னு ஒரு மெயில் போடுங்க," என்றார். போட்டேன்.

அடுத்த வாரம் வேறொரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வேலை தேடும் தளம் ஒன்றில் நான் போட்டிருந்த விவரத்தைப் பார்த்தாளாம். வார்த்தைக்கு வார்த்தை "டியர்". நல்ல கம்பெனி டியர், பெயர் இப்போ சொல்ல முடியாது டியர், உங்க அனுபவத்துக்கு அப்படியே பொருந்தும் டியர். பகல் வேலைதானே என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் டியர்," என்றாள். பெயர் தெரிந்தால் சொல்லு, அப்புறம் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு பேரிடமிருந்தும் ஒரே நாளில் மெயில் வந்தது. நல்லது அனுப்பியதில்: வியாழன் காலை பத்து மணி, கிடங்கு வளாகத்தில், சான்றிதழ்களோடு நேரில் வரவும். டியர் அனுப்பியதில்: வியாழன் காலை பத்தேகால், வீடியோ இன்டர்வியூ, வீட்டிலிருந்தே பேசலாம், லிங்க் கீழே. இரண்டிலும் அதே கம்பெனி.

நல்லதுக்குப் போன் போட்டேன்.

"அதக் கண்டுக்காதீங்க. அந்தப் பொண்ணு சும்மா குட்டைய குழப்புது. நேரா கிடங்குக்குப் போங்க."

"அப்போ வீடியோ?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், போகாதீங்க. இன்னொண்ணு, கம்பெனிக்கு நேரடியா போன் கீன் பண்ணிடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்காது."

டியருக்குப் போட்டேன்.

"ஐயோ டியர், அவர நம்பி அவ்வளவு தூரம் போயிட்டு வாசல்ல நிக்கப் போறீங்க. எங்க லிங்க்தான் சரி. கம்பெனிய மட்டும் கான்டாக்ட் பண்ணிடாதீங்க, என்ன?"

அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நான் கம்பெனியிடம் கேட்கக் கூடாது. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது.

மறுநாள் காலை வாசலில் அவரிடம் சொன்னேன். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே யோசித்தார்.

"பேசாம கிடங்கு கேட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு போன்ல வீடியோவையும் பேசிடு. ரெண்டும் ஆச்சு."

"ஒரே நேரத்துல ரெண்டு ஸ்டாப்புல உங்க பஸ் நிக்குமா?"

"எதுக்கு வம்புன்னு சொன்னேன். கேள்வி கேக்குற ஆளு யாருக்கும் வேண்டாம்டி."

"கேக்காத ஆளா இருந்துதான் ஆறு வருஷமா பகல்ல தூங்கறேன்."

அவர் பதில் சொல்லுமுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதுவும் பாதியில் விட்ட சண்டைகளோடு சேர்ந்தது.

சின்னதைப் பள்ளியில் விட்டு வந்ததும் ஒரே மெயில், இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பினேன். உங்கள் இருவரிடமிருந்தும் ஒரே கம்பெனிக்கு இரண்டு அழைப்பு வந்திருக்கிறது. எந்தப் பதவி, எந்த ஷிஃப்ட், எத்தனை மணி, எந்த இடம், நேரிலா வீடியோவா, யார் பேசப்போகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அவ்வளவுதான். ஒளிவு மறைவு இல்லை, கோபம்கூட இல்லை. கோபத்தை அடுத்த படிக்கு வைத்திருந்தேன்.

யாரும் எழுதவில்லை. இரண்டு பேரும் போன் போட்டார்கள். எதுக்கு அவரையும் சேர்த்து அனுப்பினீங்க என்றாள் அவள். எதுக்கு அவளையும் சேர்த்தீங்க என்றார் இவர். நான் கேட்ட ஆறு விஷயத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. எழுதிக் கேட்டதற்கு வாயால் மழுப்புகிற ஆளை நான் கிடங்கிலேயே நம்புவதில்லை, இங்கே மட்டும் எப்படி நம்புவேன்?

கம்பெனியின் பொது எண்ணைத் தேடிப் பிடித்தேன். உள்ளதும் போச்சு என்றாகிவிட்டால்? ஆகட்டும் என்று அழுத்தினேன். ஹெச்.ஆர். பிரிவில் ஒரு அம்மா எடுத்தார். இன்டர்வியூ நேரம் குறிப்பதே அவர் வேலையாம். நடந்ததைச் சொன்னேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா, உங்க போன் நம்பர்ல ரெண்டு ஃபைல் இருக்கு. ரெண்டு ஏஜென்சி, ரெண்டு வேற வேலை. ஒண்ணு பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இன்னொண்ணு நைட் ஷிஃப்ட். ரெண்டையும் வேற வேற ஆளு பாக்கறதால ரெண்டு அழைப்பும் போயிருக்கு."

"நைட்டா?"

"'ஆறு வருட இரவுப்பணி அனுபவம், இரவுப்பணியையே விரும்புகிறார்'னு போட்டிருக்காங்க."

எனக்கு உச்சந்தலை சூடேறியது. நான் விரும்புகிறேனாம். என் தூக்கத்தை நான் விரும்புவது இந்த டியருக்குத் தெரியவில்லை, என் இரவுகளை மட்டும் எடுத்து விற்றுவிட்டாள்.

"மேடம், அந்தப் பொண்ணுகிட்ட நான் சரின்னே சொல்லல. கம்பெனி பேரே அழைப்பு வந்தப்புறம்தான் தெரியும்."

"புரியுதும்மா. ஆனா ஒரே ஆள ரெண்டு ஏஜென்சி அனுப்பினா, யாரு உங்கள அனுப்பினாங்கன்னு தீரும்வரைக்கும் ரெண்டையும் நிறுத்தி வைக்கணும். வியாழனுக்குள்ள தீரலன்னா ரெண்டும் ரத்து. இது எங்க விதி."

"தப்பு பண்ணது அவங்க, ரத்தாகறது நானா?"

அந்தம்மா திரும்பவும் விதியைத்தான் சொன்னார்.

"அப்போ இப்பவே தீத்துடலாம் மேடம். அவங்க ரெண்டு பேரையும் லைன்ல போடுங்க. நானும் இருக்கேன். எனக்குத் தெரியாம என்னப் பத்திப் பேசினது போதும்."

"கேண்டிடேட்ட வெச்சுக்கிட்டு அப்படிப் பண்றது வழக்கமில்லம்மா."

"பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கா?"

ஒரு பெருமூச்சு. பிறகு, "இருங்க," என்றார்.

நான்கு பேரும் லைனில் சேர்ந்தோம். நான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன், ஷிஃப்ட் முடிந்து வந்த அதே தடித்த ஜாக்கெட்டோடு.

"அவங்க எங்க கேண்டிடேட் மேடம்," என்று ஆரம்பித்தது நல்லது.

"நோ மேடம், எங்க கேண்டிடேட். நான்தான் அவங்ககிட்ட அவ்வளவு நேரம் பேசினேன்."

"பேசினா ஆச்சா? நான் முதல்ல அனுப்பினேன்."

"நீங்க சார் எப்பவுமே இப்படித்தான்..."

சின்னதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பொம்மைக்கு அடித்துக்கொள்வது மாதிரி இருந்தது. ஆளுக்கொரு கை. பொம்மையை யாரும் கேட்பதில்லை.

"நான் யாரோட கேண்டிடேட்டும் இல்ல," என்றேன்.

அப்போதுதான் நான் லைனில் இருப்பது அவர்களுக்கு உறைத்தது போல. சண்டை அப்படியே நின்றது.

ஹெச்.ஆர். அம்மா கேட்டார். "இந்தக் கம்பெனிக்கு உங்க விவரத்த அனுப்பலாம்னு யாருக்கும்மா எழுத்துல சம்மதம் குடுத்தீங்க?"

"அவருக்கு மட்டும். பகல் வேலைன்னு சொன்னதால."

"மெயில் இருக்கு மேடம், இப்பவே அனுப்பறேன்," என்று நல்லது துள்ளியது.

"உங்ககிட்ட?" என்று டியரிடம் கேட்டார் அவர்.

"வாய்மொழியா ஒரு புரிதல் மேடம்..."

"அப்போ நைட் ஃபைல மூடறேன்."

டியர் என்னிடம் ஒரு டியர்கூடச் சொல்லாமல் லைனை விட்டுப் போனாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நல்லதுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், ஒருவேள பகல்ல இடம் இல்லன்னா நைட்டுக்கும் வருவாங்க. நான் பேசிக்கறேன். எல்லாம் அவங்க நல்லதுக்குத்தானே."

"வர மாட்டேன்," என்றேன்.

"இல்ல மேடம், அவங்க இப்போ கொஞ்சம்..."

"வர மாட்டேன்னு சொன்னேன். பகல்னா வரேன். இல்லன்னா இந்த இன்டர்வியூவே வேண்டாம். இத என் ஃபைல்ல எழுதிக்குங்க மேடம், யாரும் மாத்தாம."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டும் எனக்கு இனித்தது.

"எழுதிட்டேன். வியாழன் காலை பத்து மணி, கிடங்கு வளாகம், நேரில், பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். செயலாக்க மேலாளர் பேசுவார். வீடியோ ரத்து. நானே மெயில் போடறேன், ஏஜென்சிக்கும் ஒரு காப்பி."

நான் அப்படியே திருப்பிச் சொன்னேன், ஒரு சொல் விடாமல். "சரிதான்," என்றார் அந்தம்மா. குரலில் சிரிப்பு இருந்தது.

வியாழனன்று மேலாளர் என்னை நன்றாகத்தான் நடத்தினார். லாரி தாமதமானால் என்ன செய்வேன், குளிர் அறையின் கதவு பழுதானால் சரக்கை எங்கே மாற்றுவேன் என்று கேட்டார். சொன்னேன். கடைசியில் பேனாவை மூடி வைத்தார்.

"வெளிப்படையா சொல்றேன். பகலுக்கு ஒரே இடம், உங்களத் தவிர இன்னும் மூணு பேர் இருக்காங்க. நைட்டுன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். உங்கள மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்."

கையில் கிடைத்ததை விடுகிறோமோ என்ற பயம். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சின்னது வரைந்த, நான் படுத்துக் கிடக்கும் அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

"ஃபைல்ல எழுதியிருக்கே சார். பாக்கலையா?"

அவர் திரையைப் பார்த்தார். "பாத்தேன். ஆனாலும் கேட்டுப் பாக்கலாம்னு."

"எல்லாரும் அப்படித்தான் சார் கேட்டுப் பாக்கறீங்க. அந்த நைட்டு வேலைய விரும்பறவங்களுக்குக் குடுங்க. எனக்குக் குடுக்கறதா இருந்தா பகலக் குடுங்க."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை, வாயாடிக் கெட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மெயில் வந்தது. தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள். பகல் ஷிஃப்ட். மூன்று தடவை படித்தேன், பிறகு போனை எடுத்தேன்.

"கூப்பிடுவீங்கன்னு தெரியும்," என்றார் ஹெச்.ஆர். அம்மா. "பகல்தான்மா. மாறல."

நல்லது, "சொன்னேன்ல, உங்க நல்லதுக்குத்தான்" என்று செய்தி அனுப்பியது. டியர்கூட "சூப்பர் டியர், ஜெயிச்சிட்டோம்" என்று அனுப்பியிருந்தாள். இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, நானும் அவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். தோளோடு தோள் இடித்துக்கொண்டது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றே பழகிய வாசல். இரண்டு பேரும் வெளியே போக எப்படி நிற்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

"நீ போ முதல்ல."

"நீங்க போங்க, பஸ்ஸுக்கு நேரமாகுதுல்ல."

பின்னாலிருந்து சின்னது பையால் எங்கள் இருவரையும் முட்டித் தள்ளியது. "யாராவது போங்களேன், எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாகுது!"