பதினாலு மணி அறுபது நிமிஷம்

எழுபத்திரண்டு வேலைநாள் ஒன்றுகூட விடாமல் நான் ஒழுங்காகச் செய்த காரியம் என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சலவை ஆலைக்கு வந்து போனது. பல் பிடுங்கிய அன்றைக்கும் வந்தேன். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். அன்று நான் வாயே திறக்காததைப் பார்த்து மேற்பார்வையாளர் பயந்துபோய் இரண்டு முறை வந்து நலம் விசாரித்தார்.

இவ்வளவு வைராக்கியத்துக்கும் காரணம் ஆலையின் விதி. சோதனைக் காலம் பன்னிரண்டு வாரம். அதற்குள் ஐந்நூற்று நாற்பது மணி நேரம் வேலை பார்த்தால் வேலை நிரந்தரம். ஒரு மணி குறைந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலை எட்டு முதல் மாலை நாலு, சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் நாளுக்கு ஏழரை மணி. வாரத்துக்கு ஆறு நாள். விரல் விட்டு எண்ணினாலும், சுவரில் கரியால் எழுதிக் கூட்டினாலும், சரியாக ஐந்நூற்று நாற்பது. நான் இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டேன்.

ஆனால் இரண்டு வருஷமாக ஒருவருக்குக்கூட நிரந்தரம் ஆகவில்லை. "இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பொறுமையே இல்ல" என்பார் முதலாளியம்மா. மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நிற்பவளுக்கு இது மூன்றாவது சோதனைக் காலம். அவளுக்கு 'மூணாம் சுத்து' என்றே பெயர் வைத்துவிட்டோம். பாவம், அவளும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. "எனக்கே தெரியாம எங்கேயோ தூங்கிடறேன் போல இருக்குடி" என்பாள்.

எழுபத்திரண்டாம் நாள், மூன்றரை மணிக்கு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமியாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தேன், இன்றோடு நான் நிரந்தரம் என்று. அவர் தெருவுக்கே சொல்லியிருப்பார். சிரித்துக்கொண்டே போனேன்.

கணக்கு சார் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இன்னைக்கு ஏழரை மணியும் சேர்த்தாக்கூட ஐந்நூத்து இருபத்தஞ்சு புள்ளி ஆறுதான் வருதும்மா. பதினாலு மணி நாப்பது நிமிஷம் குறையுது" என்றார்.

"எப்படி சார் குறையும்? நான் ஒரு நாள்கூட விடலையே!"

"அது எனக்குத் தெரியாதும்மா. கம்ப்யூட்டர் சொல்லுது. நடுநடுவுல எங்கேயாவது போயிருப்பே."

"எங்கே போவேன்? பாத்ரூமுக்கா? பதினாலு மணி நேரமா?"

மேசைக்குப் பின்னால் முதலாளியம்மா கைப்பையில் எதையோ தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. இன்னும் பன்னிரண்டு வாரம்! நாலாம் சுற்று, ஐந்தாம் சுற்று என்று மேசைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் கிழவிகளாகி நிற்பது கண்ணில் தெரிந்தது.

"அந்தக் கணக்கை நான் ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

சோதனைக்காரர்களுக்கு வாரக் கடைசியில் கவரில் பணம்தான் வரும். மணிக்கணக்கைக் கண்ணால் கண்டதில்லை. கொஞ்சம் குறைவாக இருந்தால் ஏதோ பிடித்தம் என்று பேசாமல் இருந்துவிடுவோம். சார் சலித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். முதல் வரிசையில் அன்றைய நேரம் 7.30, மொத்தம் 7.30. சரிதான் என்று தோன்றியது. இரண்டாம் வரிசையில் நேரம் 7.30, மொத்தம் 14.60.

"சார், இது எவ்வளவு நேரம்?"

"பதினாலு மணி அறுபது நிமி..." என்று ஆரம்பித்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அடுத்தது?"

"இருபத்தோரு மணி தொண்ணூறு..." அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

எனக்கு அழுகை எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். "சார், ஒரு மணியில பாதி எவ்வளவு?"

"முப்பது நிமிஷம்."

"ஒண்ணுல பாதி?"

"புள்ளி அஞ்சு."

"அப்போ இந்தப் புள்ளி மூணு எங்கேருந்து சார் வந்துச்சு?"

கணக்கு சார் நெற்றியில் இருந்த கண்ணாடியை மேசை முழுக்கத் தேடினார். "வாசல்ல அட்டை செருகற மெஷின்ல ஏழுக்கும் முப்பதுக்கும் நடுவுல ரெண்டு புள்ளி போட்டு வரும்மா. இதுல ரெண்டு புள்ளி போட்டுக் கூட்டினா என்னென்னவோ காட்டுச்சு. சரின்னு ஒரு புள்ளி வச்சேன்."

"நிமிஷத்தை அறுபதால வகுக்கணும் சார். முப்பதை அறுபதால வகுத்தா புள்ளி அஞ்சு. நீங்க வகுக்கவே இல்லை. ஒரு நாளைக்குப் பன்னெண்டு நிமிஷம் காணாமப் போச்சு!"

பன்னிரண்டை எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தார். எண்ணூற்று அறுபத்து நாலு நிமிஷம். பதினாலு மணி இருபத்து நாலு நிமிஷம். குறைந்ததைச் சொன்னபோதும் புள்ளி நாலை நாற்பது நிமிஷமாக்கித் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷர்!

முதலாளியம்மா எழுந்து வந்தார். முகம் இறுகியிருந்தது. "யாருக்காவது இதுல கூடுதலாப் பணம் போயிருக்கா?"

"போகாதும்மா. அறுபதால வகுக்க வேண்டியதை நூறால வகுத்த மாதிரி ஆயிடுச்சு. நிமிஷம்னு எது வந்தாலும் குறையத்தான் செய்யும்" என்றேன். வாயாடிக்கு வாய்ப்பு வந்தால் விடுவேனா?

"நம்ம ஆலையில மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கறது சோதனைக்காரங்க மட்டுந்தானே?" என்று சாரைக் கேட்டார் முதலாளியம்மா.

கணக்கு சார் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட முகம் வெளிறியது. "நானும்தாம்மா" என்றார் கடைசியில். "எனக்கு ஒரு நாளைக்கு எட்டரை மணி. ரெண்டு வருஷமா எட்டு புள்ளி முப்பதுன்னு போட்டு, நானே எனக்கு நூத்து இருபது மணி நேரத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

முதலில் வெடித்துச் சிரித்தவர் அவர்தான். பிறகு முதலாளியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கதவைத் திறந்து, ஆலை இரைச்சலையும் மீறிக் கத்தினேன்: "மூணாம் சுத்து! நீ எங்கேயும் தூங்கலைடி! மொதல் சுத்துலேயே நீ நிரந்தரம்!"

அவள் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தலையிலிருந்த துணியை அவிழ்த்து வீசினாள். அழுதாள், சிரித்தாள், சாரை அடிக்கக் கை ஓங்கினாள், கடைசியில் அதே கையால் அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்தக் கூத்தில் நாலு மணி எப்போது அடித்தது என்று யாருக்கும் தெரியாது. நான் வாசலுக்கு ஓடி அட்டையைச் செருகியபோது நாலேகால். அட்டையோடு திரும்பி வந்தேன். இன்றைய வேலை ஏழே முக்கால் மணி.

கணக்கு சார் 7 என்று அடித்தார், புள்ளி வைத்தார், விரலை 4க்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். உதடு முணுமுணுக்க நாற்பத்தைந்தை அறுபதால் வகுத்து, 75 என்று அடித்தார். பழைய வரிசைகளும் திருத்தியாயிற்று. அடியில் மொத்தம் 540.25.

முதலாளியம்மா நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இங்கே நின்னு எங்களைச் சிரிக்க வச்சதுக்குக் கால் மணி சம்பளமா உனக்கு?"

"ஆமாம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ஆனா புள்ளி பதினைஞ்சு இல்ல, புள்ளி இருபத்தஞ்சு."