ஜகபர் பாய் வாசித்த காகிதம்

ஜகபர் சாதிக் பாய்க்கு அரபி தெரியும் என்று திண்டிவனத்தில் முதலில் சொன்னவர் ஜகபர் சாதிக் பாய்தான். இரண்டாவதாகச் சொன்னவள் நான். அதனால் இந்தக் கதையில் நான் யாரைத் திட்டினாலும் எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஆன்லைன் மனு எல்லாம் பார்ப்பேன். வெளிநாட்டுக் காகிதம் எடுத்துக்கொண்டு யார் வந்தாலும், "அரபின்னா பாய்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிடுவேன். அவரும் என் கடை பெஞ்சிலேயேதான் உட்கார்ந்திருப்பார். சார்ஜாவில் ஒரு கட்டட கம்பெனியில் பதினோரு வருஷம் ஸ்டீல் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டி, ராகம் போட்டு ஒரு வாசிப்பு வாசிப்பார். கேட்கிறவன் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவான். கடைசியில், "எல்லாம் கரெக்டா இருக்குது" என்பார். ஒரு நாள்கூட எதுவும் தப்பாக இருந்ததில்லை. அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்து அவருக்குத் தெரியும். அர்த்தம் தெரியாது. அது ஒன்றும் குற்றமில்லை, உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் ஓதுகிறார்கள். அங்கே சைட்டில் அவர் பேசியதெல்லாம் இந்தி. ஆனால் பதினோரு வருஷம் அரபு நாட்டில் இருந்தவன் அரபி தெரியாது என்றால் ஊர் சிரிக்கும் என்று அவருக்கு ஒரு பயம். ஊருக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

கம்பெனி ஆளைக் குறைத்தபோது இவரையும் நிறுத்தியது. அந்த நாட்டுச் சட்டப்படி, முதல் ஐந்து வருஷம்வரை வருஷத்துக்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று சர்வீஸ் பணம் தர வேண்டும். பதினாலு நாளுக்குள் தர வேண்டும். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் கம்பெனி தலையில்தான். இவருக்குக் கணக்குப்படி வர வேண்டியது பதினோராயிரம் திர்ஹாமுக்கு மேல். நம்மூர் காசுக்கு இரண்டரை லட்சம் தாண்டும்.

கம்பெனிக்காரன் என்ன செய்தான்? ஏதோ தன் வீட்டுத் தேங்காயை எடுத்துக் கொடுப்பவன் மாதிரி டிக்கெட்டை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு அரபிக் காகிதத்தையும் வைத்தான். "இதுல கையெழுத்துப் போடு, டிக்கெட்டை எடுத்துக்கோ, பணம் பாங்குல வரும்" என்றானாம். இந்தியில் விளக்கட்டுமா என்றும் கேட்டானாம். கூட நாலு பேர் நின்றிருந்தார்கள். பாய் விடுவாரா? "எனக்கே தெரியும்" என்று எடுத்து, ராகத்தோடு வாசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

பணம் வரவில்லை. எட்டு மாதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் மனைவி ஹாஜிரா பீவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். மகள் முஸ்கானுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இந்தப் பணம் வந்தால்தான் படிப்பு, இல்லாவிட்டால் இடம் போய்விடும். வேலை முடிந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் புகார் பதிந்தோம். இந்தியத் தூதரகம் கம்பெனிக்கு எழுதியது.

பதில் வந்தது. அந்தக் காகிதத்தில், பாக்கி முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்ததாம். கூடவே கையெழுத்து வாங்கிய அன்றைக்கு எடுத்த ஒரு வீடியோ. அதில் நம் ஆள் சிரித்த முகமாக அதைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருக்கிறார். ஹாஜிரா பீவி அதை இரண்டு தடவை பார்த்தாள். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மெரட்டி வாங்கிட்டாங்கன்னு எழுதும்மா" என்றார் என்னிடம்.

"வீடியோவுல நீங்க பல்லைக் காட்டிக்கினு இருக்கீங்க பாய். யாரு நம்புவா?" என்றேன்.

நேராக அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் வைக்கச் சொன்னது தூதரகம். சார்ஜாவில் இருக்கும் ஹாஜிராவின் தம்பி சுஃப்யானுக்கு அதிகாரப் பத்திரம் எழுதினோம். விழுப்புரத்தில் நோட்டரி, சென்னையில் முத்திரை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரக முத்திரை என்று இரண்டு மாதம் அலைச்சல். நான் டைப் செய்த மனுவில் ஒரு வரி மட்டும் பாய்க்குப் பிடிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திட்டேன் என்ற வரி. அதை மட்டும் வேண்டாம் என்று அடித்துவிட்டார். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் மீசைக்கு நெய் வேண்டும்.

விசாரணை நாளன்று காலை பதினோரு மணிக்கு என் கடையிலேயே வீடியோவில் உட்கார வைத்தேன். ஹாஜிரா பீவி பக்கத்தில் இருந்தாள். பெஞ்சில் முகையூர் பூமாலை காத்துக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டப் போகிறவள். மகன் வல்லரசு துபாயில் இருக்கிறான். அவன் விஷயமாக ஏதோ கேட்க வந்திருந்தாள். இருக்கட்டும், கேஸ் முடியட்டும் என்று சொல்லியிருந்தேன்.

கம்பெனி ஆள் வீடியோவைப் போட்டுக் காட்டி, இவருக்கு அரபி நன்றாகத் தெரியும் என்றான். அதிகாரி அந்தக் காகிதத்தைத் திரையில் காட்டினார். இந்தியில் மொழிபெயர்க்கிறவர் கேட்டார், மூன்றாவது வரியை வாசித்து அர்த்தம் சொல்லுங்கள் என்று.

பாய் வாசித்தார். அழகாகத்தான் வாசித்தார். அப்புறம் நிறுத்தினார். அர்த்தம், என்றார் மொழிபெயர்ப்பாளர் மறுபடியும். பாய் பூமாலையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

ஹாஜிரா பீவி மெதுவாகச் சொன்னாள். "நீங்க பெரிய ஆளாவே இருங்க. முஸ்கான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜகபர் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது" என்றார் இந்தியில். பிறகு கேட்காமலே தமிழிலும் சொன்னார். "எனக்கு அரபி தெரியாது. எழுத்துதான் தெரியும்."

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. ரொக்கமாகக் கொடுத்தோம் என்கிறாயே, சம்பளமெல்லாம் பாங்கில் போட்டவன் இதை மட்டும் ஏன் கையில் கொடுத்தாய், அத்தாட்சி எங்கே என்று அதிகாரி கம்பெனிக்காரனைக் கேட்டார். சட்டம் தரும் உரிமையை எழுதி வாங்கிப் பறிக்க முடியாது, ஒரு வாரத்தில் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டு, இல்லையென்றால் பணத்தைக் கட்டு என்று சொல்லி முடித்தார். ஹாஜிரா பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் டீ சொல்லலாம் என்று எழுந்தேன்.

பூமாலை பெஞ்சைவிட்டு எழுந்து வந்தாள். மடியிலிருந்து போனை எடுத்து, மகன் அனுப்பிய படத்தைக் காட்டினாள். அதே மாதிரி ஒரு அரபிக் காகிதம்.

"போன வாரம் இத நீங்கதான் பாய் படிச்சீங்க. எல்லாம் கரெக்டா இருக்குதுன்னீங்க. நேத்து எம்புள்ள கையெழுத்துப் போட்டுட்டான்."

அவளைப் போன வாரம் பாயிடம் அனுப்பியது நான்தான். பிரின்ட் எடுக்கப் பத்து ரூபாயும் வாங்கினேன்.

மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் என்றாள். அங்கே இருக்கும்போதே அவனே போய்ப் புகார் கொடுத்துவிடட்டும், நான் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ஜகபர் பாய் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல இத எழுதும்மா. படிச்சுச் சொன்னவனுக்கு அரபி தெரியாது. கீழ எம்பேரப் போடு."