கவிழ்த்த பானை

இலுப்பூரில் மெஸ் நடத்துகிற எனக்குப் பானையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கான்கிரீட் போட்ட அன்று என் அண்ணன் எடுத்தான்.

என் வீட்டுத் தளத்தில் பானை வைத்துக் கான்கிரீட் போடப்போகிறேன் என்றதும் ஊரே சிரித்தது. "திலகவதி மெஸ்ஸ மாடிக்குக் கொண்டுபோறா" என்றார்கள். போகட்டும். இன்ஜினியர் அரவிந்த்குமார் ஒரே தடவைதான் சொன்னார், எனக்குப் புரிந்துவிட்டது. தளத்தின் மேல்பகுதியில் அமுக்குகிற பாரத்தைக் கான்கிரீட் தாங்குகிறது, கீழ்ப்பகுதியில் இழுக்கிற பாரத்தைக் கம்பி தாங்குகிறது. அங்கே கம்பிகளுக்கு நடுவில் கிடக்கிற கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிற பாரம். அந்த இடத்தில் குட்டையான மண்பானையைக் கவிழ்த்து வைத்தால் சிமெண்டும் மிச்சம், தளமும் லேசு, வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. அடுப்படியிலேயே வெந்துபோனவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பானைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்த பானை கலவையின் ஈரத்தைக் குடித்துவிடுமாம். காலையில் கொத்தனார் பெரியகருப்பன், அடியில் முட்டுக்கொடுத்து அடித்த பலகை மேல், கம்பிக் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக வாய் கீழே பார்க்க வைத்தார். சுவரை ஒட்டி மட்டும் பானையே இல்லை, அங்கே முழுக் கான்கிரீட்தான்.

எங்கள் பக்கம் முதல் சட்டி கலவையைக் கூடப்பிறந்தவன் போட வேண்டும். எனக்கு இருப்பது சோலையப்பன் அண்ணன் ஒருத்தன்தான். புருஷன் போன பிறகு நானே நின்று கட்டுகிற வீடு இது. அவன் கை படாமல் தளம் போடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

எல்லோரும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால், ஒரு பக்கம் பூராவும் பானைகள் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கின்றன. நடுவில் அண்ணன் வேர்த்து நிற்கிறான்.

"என்னண்ணே பண்ணிப்புட்டீங்க!" பெரியகருப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய் மேல பாத்தா கலவை பூரா உள்ள போயிருமுல்ல? அப்பறம் பானை எதுக்குங்க? தளம் இன்னும் கனத்துப் போயிரும்!"

"போகட்டும்யா. வெறும் பானையக் கவுத்து வச்சா, ஒல வைக்க அரிசி இல்லாத வீடுன்னு அர்த்தம். எந் தங்கச்சி தலைக்கு மேல அப்புடி வைக்க விடமாட்டேன். வச்சா நான் சட்டியத் தொடமாட்டேன்."

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் என் நல்லதுக்குத்தான் நிற்கிறான், அதுதான் வம்பு. கீழே கலவை மிக்சர் ஓட ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, எம் மெஸ்ஸுல ராத்திரி பானை எப்புடி இருக்கும்?"

"எப்புடின்னா?"

"சொல்லுண்ணே."

"கழுவிக் கவுத்திருப்ப."

"எப்பக் கவுப்பேன்?"

அவன் காலடியில் இருந்த பானையைக் குனிந்து பார்த்தான்.

"கடைசி ஆளு தின்னுட்டு எலைய எடுத்தப்பறந்தான் கவுப்பேன். ஒருத்தன் பசியோட நின்னாலும் எம் பானை நிமிந்துதான் இருக்கும். கவுத்த பானைன்னா எல்லாரும் சாப்புட்டாச்சுன்னு அர்த்தம். எந் தலைக்கு மேல அதுதான் இருக்கணும்."

அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்தான். நிமிர்த்திய பானைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். விளிம்பு பலகையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கொத்தனாரைக் கூப்பிட்டு வேறு கேட்டான். அப்புறம் முதல் சட்டியை வாங்கி, பானை உடையாமல் பக்கத்தில் பதமாகச் சரித்தான். நான் அழுதேன். புகை பட்டுவிட்டது என்றுகூடச் சொல்ல முடியவில்லை, அங்கே அடுப்பு எங்கே இருக்கிறது?

தளத்தில் தண்ணீர் கட்டி வைத்து, நன்றாக இறுகிய பிறகு பலகையைப் பிரித்தார்கள். கீழிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பானை வாய்கள், வட்ட வட்டமாக. பூசவே விடவில்லை. இவ்வளவு அழகை எவளாவது மூடுவாளா?

குடிபுகுந்த அன்று சிரித்த ஊர் முழுக்க வந்து அண்ணாந்து பார்த்தது. குடுமியான்மலையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர், "என்னங்க, பானையக் கவுத்து வச்சிருக்கீக?" என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"எந் தங்கச்சி வீட்டுல பசியோட யாரும் இல்லைன்னு அர்த்தம். நீங்க சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப மொதல்ல எலையில ஒக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கடைசிப் பந்தி முடிந்ததும் பெரிய சோற்றுப் பானையை நான் கழுவப் போனேன். அண்ணன் விடவில்லை. தானே தேய்த்துக் கழுவி, என் கூடத்தின் நடுவில், அந்தத் தளத்துக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்தான்.