ஒரு சைபர் கூடிப்போனது

பிரிஞ்சாங் கடைத்தெருவில் கம்பளியும் ஸ்வெட்டரும் தேயிலைப் பாக்கெட்டும் விற்கும் கேத்லீனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் கார்டு மெஷினில் பின் நம்பர் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள். அடுத்தவர் ரகசியத்தை எட்டிப்பார்க்கக் கூடாது என்பது அவள் அப்பா எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்திலேயே வீட்டில் ஊறிய மரியாதை. அந்தச் சனிக்கிழமை அந்த மரியாதைதான் காலை வாரியது.

மத்தியானம் ருக்குமணி வந்தாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், ஐம்பதைத் தொட்டவள். சனிக்கிழமை டவுனுக்கு இறங்கினால் தன் வேலைக்கு மட்டும் இறங்கமாட்டாள். அவள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் முட்டி வலிக்காரர்கள், வயதானவர்கள் என்று நாலு வீட்டு பேங்க் கார்டு அவள் பர்ஸில் இருக்கும். நாலு பின் நம்பரும் மண்டையில் இருக்கும். இவருக்கு மருந்து, அவருக்கு அரிசி, இன்னொருவருக்கு கையில் காசு என்று வாங்கிக்கொண்டு போவாள். வருஷக்கணக்காக நடக்கிறது, பணத்தில் ஒரு வெள்ளிகூடப் பிசகியதில்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவுக்கு ஒரு கம்பளி, நாற்பத்தெட்டு வெள்ளி.

கேத்லீன் மெஷினில் நாலு, எட்டு, சைபர், சைபர் என்று அடிக்க வேண்டும். குளிரில் விரைத்த விரல் ஒரு சைபரைச் சேர்த்து அழுத்திவிட்டது. மெஷினை ருக்குமணி பக்கம் தள்ளிவிட்டு வழக்கம்போல் ரோட்டைப் பார்த்தாள். ருக்குமணியோ பொத்தான்களை மட்டும் பார்த்து பின் நம்பரை அழுத்தினாள், திரையை எங்கே பார்த்தாள்? நானூற்று எண்பது வெள்ளி போய்ச் சேர்ந்தது. ரசீதைக்கூட இருவரும் படிக்கவில்லை. ருக்குமணி அதை மடித்து பர்ஸில் வைத்தாள், போனாள்.

மூன்று மணிக்கு மலைமேல் மேகம் கறுத்தது. மழை வந்தால் அந்த வரிசைக் கடைகளில் கரண்டும் போகும், போன் லைனும் போகும். அதனால் மேகத்தைப் பார்த்ததும் அன்றைய கார்டு கணக்கை மெஷினில் முடித்து பேங்குக்கு அனுப்பிவிடுவது கேத்லீனின் இன்னொரு நல்ல பழக்கம். அன்றும் செட்டில்மெண்ட் அழுத்தி முடித்துவிட்டு, நிம்மதியாக டீ போட்டுக் குடித்தாள்.

ஐந்து மணிக்கு ருக்குமணி நனைந்துகொண்டு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, பேங்க்ல காசு எடுக்கிற மெஷின்ல தங்கம்மாக்கா கார்டைப் போட்டேன், முன்னூறு எடுக்கலாம்னு. காசு பத்தலங்குது. ஐநூத்திச் சொச்சம் இருக்குனு அவங்கதான் சொல்லி அனுப்புனாங்க. இந்த ரசீதைக் கொஞ்சம் பாருங்கலா!"

கேத்லீன் வாங்கிப் பார்த்தாள். 480.00.

"ஐயோ ருக்கு, என் தப்புதான். இரு, இப்பவே கேன்சல் பண்ணித் தரேன்."

அவள் தெம்பாகத்தான் சொன்னாள். விற்பனையை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி ரசீது எண்ணைக் கொடுத்தாள். மெஷின் அப்படி ஒன்று இல்லை என்றது. அவளே மூன்று மணிக்குக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டாளே, அதற்கப்புறம் ரத்து ஏது? சரி, ரீஃபண்ட் செய்வோம் என்று அந்தப் பொத்தானுக்குப் போனாள். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள். கார்டைச் செருகச் சொன்னது, செருகினாள். அனுமதி இல்லை என்று ஒரு சீட்டைத் துப்பியது. இன்னொரு தடவை போட்டாள், இன்னொரு சீட்டு. பத்து வருஷமாகச் சோறு போட்ட மெஷினைத் தூக்கி ரோட்டில் வீசலாம்போல் இருந்தது.

"வேணாம்க்கா, மெஷினை விடுங்க. டிராயர்ல இருந்து கையில குடுத்துருங்க. நாப்பத்தெட்டு போக மிச்சம். திங்கக்கிழமை தங்கம்மாக்கா ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும், கண்ணு ஆபரேஷன். கூட்டிட்டுப் போற கெரெத்தா வாடகைக்குத்தான் அந்த முன்னூறு. நான் வெறுங்கையோட போனா லைன்ல என்ன சொல்லுவாங்க? ருக்கு தின்னுட்டானுதானே சொல்லுவாங்க?"

டிராயரில் பணம் இருந்தது. கேத்லீனின் கை அதன் பிடியில்கூடப் போய்விட்டது. கொடுத்துவிட்டால் அந்த நிமிஷமே நெஞ்சுப் பாரம் இறங்கும். ஆனால் எண்ணிக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. மெஷினின் முதுகில் பேங்குக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரில் கடைக்காரர்களுக்கான நம்பர் இருந்தது. அதற்கு அடித்தாள்.

இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. கேத்லீன் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகவே பேசினாள். கணக்கை முடித்துவிட்டதால் ரத்து செய்ய முடியாது, இந்த மெஷினில் டெபிட் கார்டுக்கு ரீஃபண்ட் வசதி திறக்கப்படவில்லை. ஆகவே ஃபாரம் அனுப்புகிறேன், பூர்த்தி செய்து, கடைப் பிரதி ரசீதோடு சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். ஏழிலிருந்து பதினாலு வேலை நாளுக்குள் அதே கார்டின் கணக்குக்குப் பணம் போகும், உங்களுக்கு வரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்வோம்.

"அவங்களுக்கு அவசரம் மிஸ். நான் கையில குடுத்துரட்டுமா? இல்ல, இவங்க அக்கவுண்ட்டுக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் மேடம். எந்தக் கார்டுலேர்ந்து வந்துச்சோ அந்தக் கார்டுக்குத்தான் போகணும். நீங்க கையில குடுத்த பிறகு, கார்டுக்காரங்க அவங்க பேங்க்ல புகார் பண்ணா, அதே பணத்தை உங்ககிட்டருந்து மறுபடி எடுப்பாங்க. கையில குடுத்ததுக்கு அங்க கணக்கே இல்ல. கார்டைப் படம் புடிக்காதீங்க, முழு நம்பரையும் எழுதாதீங்க. ரசீதுல இருக்கிற கடைசி நாலு நம்பர் போதும். கார்டுக்காரங்க பேர் என்ன?"

கேத்லீன் ருக்குமணியைப் பார்த்தாள். எதிரே நிற்பவளின் பேர் இல்லை அது. "தங்கம்மா" என்றாள். இத்தனை நேரம் யாருடைய பணத்தை யார் கையில் திணிக்கப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஃபாரம் போனுக்கு வந்தது. மெஷின் எண், தேதி, அனுமதி எண், அடித்த தொகை, அடித்திருக்க வேண்டிய தொகை, திருப்ப வேண்டிய நானூற்று முப்பத்திரண்டு என்று ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பினாள். கோரிக்கை எண் ஒன்று வந்தது. அதையும், தன் தவறு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினாள்.

ருக்குமணி அந்தத் தாளைத் தொடவே இல்லை. "பதினாலு நாளா? தாளைக் கொண்டுபோயி நான் யார்க்கிட்டக்கா காட்டுறது?" என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாலு வீட்டு நம்பிக்கையைச் சுமந்த பொம்பளை, திருடியைப்போல் கூனிக் குறுகி அழுதாள். கேத்லீனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"எந்திரி ருக்கு. நீ காட்ட வேணாம். நானே வந்து சொல்றேன்."

கடையைப் பூட்டி, சரக்கு ஏற்றும் வேனில் ருக்குமணியை ஏற்றிக்கொண்டு போனாள். மழையில் எஸ்டேட் ரோட்டில் வண்டி வழுக்கியது.

லைன் வீட்டு வாசலில் தங்கம்மாவின் மகன் சசிதரன் நின்றிருந்தான். திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். வேனிலிருந்து இறங்கிய ருக்குமணியைப் பார்த்ததுமே குரலை உயர்த்தினான்.

"வந்துட்டீங்களா? அம்மா கணக்குக்கு என் போன் நம்பர்தான் குடுத்துருக்கு தெரியுமா? மத்தியானமே மெசேஜ் வந்துருச்சு, நானூத்தி எண்பது போச்சுனு. வண்டியை நிறுத்திட்டு சாயங்காலந்தான் பாத்தேன். பேங்க்குக்கு அடிச்சு கார்டைப் பிளாக் பண்ணிட்டேன். திருட்டுனு புகாரும் குடுத்தாச்சு. பதில் சொல்லுங்க!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ருக்குமணி நின்ற இடத்திலேயே நின்றாள். கேத்லீனுக்குக் கடை டிராயர் நினைவு வந்தது. அந்த டிராயரை மட்டும் திறந்திருந்தால்! கையில் கொடுத்த பணம் ஒரு பக்கம், இந்தப் புகாரில் பேங்க் பிடுங்கும் பணம் இன்னொரு பக்கம். ருக்குமணி கையில் நானூற்று முப்பத்திரண்டு வெள்ளி நோட்டாக இருந்திருந்தால், இந்தப் பையன் அதையே சாட்சியாகக் காட்டியிருப்பான்.

"சசி, என்னைப் பாரு" என்றாள். "தப்பா அடிச்சது நான். ருக்கு ஒத்தக் காசு தொடல. இந்தா ரசீது, இந்தா பேங்க் குடுத்த நம்பர், இந்தா என் கையெழுத்து. பணம் உங்கம்மா கணக்குக்கே வரும். இப்ப நீ குடுத்த புகாரை வாபஸ் வாங்கணும், இல்லாட்டி ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டுக் கிடக்கும்."

சசிதரன் தாளைப் படித்தான். மறுபடி படித்தான். சத்தம் இறங்கிவிட்டது, தலை இறங்கவில்லை. "திங்கக்கிழமை சொல்லிக்கலாம்லா. இப்ப எதுக்கு அவசரம்?" என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிரில் தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள அந்த இளவட்டத்துக்கு மனசு வரவில்லை.

உள்ளேயிருந்து தங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

"என்னடா புகாரு? சாயங்காலம் போன்ல என் அடையாள கார்டு ஐசி நம்பரைச் சொல்லச் சொன்னியே, அதுக்குத்தானா?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"திருட்டுனா சொன்ன? நம்ம ருக்குவையா?"

"அம்மா, பின் நம்பர் குடுத்தேனு சொன்னா பேங்க்ல உங்களைத்தான் திட்டுவாங்க. புகாரும் நிக்காது."

"திட்டட்டும். இப்ப போடு போனை."

அவன் போனை வெளியே எடுக்கவில்லை. கேத்லீன் அவன் பேங்க்குக்கு அழைத்த நம்பரைக் கேட்டு வாங்கி, ருக்குமணி நீட்டிய கார்டின் பின்பக்கம் அச்சடித்த நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் போனில் அடித்து ஸ்பீக்கரில் வைத்தாள். மலாயில் பேசிய பையன் கணக்குக்காரரே பேச வேண்டும் என்றான். தங்கம்மா ஐசி நம்பரைத் தடுமாறாமல் சொன்னாள். புகாரை ஏன் திரும்ப வாங்குகிறீர்கள் என்று அவன் கேட்டான்.

கிழவிக்குத் தெரிந்த மலாய் கடையிலும் கிளினிக்கிலும் பொறுக்கியது. போன் இருக்கும் பக்கம் குனிந்து, லைன் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "டியா தா சூரி. சாயா செண்டிரி காசி." அவள் திருடவில்லை, நானே கொடுத்தேன்.

பேங்க் பையன், பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் மாக்சிக் என்று அழைத்து, பின் நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கண்டித்தான். பழைய கார்டு இனிச் செல்லாது, பேங்க் கிளைக்கு நேரில் போய்ப் புதியது வாங்க வேண்டும், கணக்கு அதேதான் என்பதால் கடைக்காரர் அனுப்பும் பணம் வந்து சேரும் என்றான். "ஓகே, ஓகே" என்று சொல்லி தங்கம்மா நிமிர்ந்தாள்.

"தங்கம்மாக்கா, திங்கக்கிழமை நான் ஈப்போவுக்குச் சரக்கு எடுக்கப் போறேன்" என்றாள் கேத்லீன். "வேன்ல உங்களை ஆஸ்பத்திரில இறக்கி, திரும்பக் கூட்டியாரேன். வாடகை வேணாம்."

"சரி பாப்பா. ருக்குவும் கூட வரட்டும். புதுக் கார்டு வாங்குனதும் அவதானே வச்சிருக்கப் போறா."

எல்லோரும் ருக்குமணியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பர்ஸைத் திறந்து தங்கம்மாவின் கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மற்ற மூன்று வீட்டுக் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு, மழையோடு மழையாக, அவரவர் வாசலுக்கு நடந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரேன்க்கா" என்று போகிறபோக்கில் சொன்னாள். "கார்டு மட்டும் வேணாம்."