ஆனி மாதத்தில் நின்றுபோன ஃபோன்

நாமக்கல்லில் பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்கிறவன் நான். பால் திரிந்தால்கூட நெட்டுக்காரன் நந்தகுமார்தான் காரணம் என்று சொல்கிற ஊர் இது. லாரி ஆபீஸ் சரவணமுத்து அண்ணன் அதில் முதல் ஆள்.

அன்றும் அவர்தான் கூப்பிட்டார். வைஃபை சின்னம் முழுசாக நிற்கிறதாம், ஆனால் வாட்ஸ்அப் திறக்கவில்லை, யூடியூப் ஓடவில்லை, ஒரு பக்கமும் வரவில்லையாம். என் வயரில் எலி, என் பெட்டியில் பேய் என்று திட்டினார். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போனால் அவர் மனைவி பொன்னாயி அக்கா அதே வைஃபையில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் என் பெட்டி என்ன பாவம் செய்தது? வைஃபை சின்னம் நின்றால் ஃபோன் என் பெட்டியோடு பேசுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு மேல் தகராறு பெட்டியிலும் இருக்கலாம், லைனிலும் இருக்கலாம், ஃபோனிலும் இருக்கலாம். அக்காவுக்கு ஓடுவதால் பெட்டியும் லைனும் சுத்தம். அண்ணன் ஃபோனில் வைஃபையை அணைத்து சிம் டேட்டாவைப் போட்டேன். அப்போதும் அதே கதை. குற்றவாளி ஃபோன்தான்.

"மத்தியானத்துக்குள்ள ஒரு போட்டோ போகோணும் நந்தகுமாரு. போகலீன்னா பையன் கல்யாணம் நின்னுபோயிரும்" என்றார்.

விஷயம் இதுதான். பரமத்தி வேலூர் வெற்றிலைக்காரர் வீரபாகுவின் மகள் ரஞ்சிதாவை மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வாங்கும் புது லாரிக்கு ஆனி முடிவதற்குள் பூஜை போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு, ஆடியில் தொட்ட காரியம் விளங்காது என்று வீரபாகு கறாராகச் சொல்லிவிட்டார். பூஜை போட்டோவைப் பார்த்து முடிவு சொல்ல இன்று மத்தியானம் அங்கே பங்காளிகள் கூடுகிறார்கள்.

நான் பிரவுசரைத் திறந்தேன். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று சிவப்பில் இங்கிலீஷில் கத்தியது. வாட்ஸ்அப்பும் தேதி தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கிலீஷைக் கண்டாலே பின்னால் போகும் பட்டனை அமுக்குவது அண்ணன் வழக்கம். தேதியைப் பார்த்தேன். ஃபோன் 2015 ஜூனில் இருந்தது.

"ஏனுங்கண்ணா, தேதியில கை வெச்சீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். கொஞ்சம் மிரட்டியதும் கக்கினார். பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்ட் தாமதமாகி, பூஜை ஆடி ஒன்றாம் தேதிக்குத் தள்ளிப்போய்விட்டது. போட்டோவில் தேதி விழுகிற ஆப் ஒன்று வைத்திருக்கிறார். ஆனிக்குள் வரும் தேதி விழட்டும் என்று ஃபோன் தேதியைப் பின்னால் தள்ளியிருக்கிறார். கண்ணாடி போடாமல் மாதத்தைத் தள்ளியவர் வருடத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பாஷையில் சொன்னேன். ஒவ்வொரு இணையப் பக்கமும் ஃபோனிடம் ஒரு சான்றிதழைக் காட்டும். லாரி இன்சூரன்ஸ் மாதிரி, அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். செக்போஸ்ட்காரர் 2015 காலண்டரை வைத்துக்கொண்டு இந்த வருட இன்சூரன்ஸைப் பார்த்தால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று திருப்பி அனுப்புவாரல்லவா, உங்கள் ஃபோன் அதைத்தான் செய்கிறது என்றேன்.

தேதியைத் தானாகச் சரிபார்க்கும்படி மாற்றினேன். அடுத்த நொடி எல்லாம் ஓடியது. போட்டோவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் அனுப்பிவிட்டார். நீல டிக் விழுந்தது. உடனே வீரபாகு கூப்பிட்டார், அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

அவர் மரியாதை குறையாமல்தான் கேட்டார். போட்டோவின் மூலையில் 2015 என்று இருக்கிறதே, பத்து வருடப் பழைய வண்டிக்குப் பெயின்ட் அடித்துப் புது வண்டி என்று காட்டுகிறீர்களா என்றார்.

சரவணமுத்து அண்ணன் வேறு எதையும் பொறுப்பார், தன் வண்டியைப் பழசு என்றால் பொறுக்க மாட்டார்.

"புது வண்டிங்க! ஆடி ஒண்ணாந்தேதிதாங்க பூஜையே போட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பொன்னாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் பங்காளிகளின் முணுமுணுப்பு கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன், எனக்கே பாவமாகிவிட்டது.

திடீரென்று ஒரு பெண் குரல் வந்தது. ரஞ்சிதா ஃபோனைப் பிடுங்கியிருக்கிறாள்.

"மாமா, நானும் ஆடியில பொறந்தவதானுங்க. அப்பாதான் ஜாதகத்துல ஆனின்னு எழுத வெச்சுட்டாருங்க."

வீரபாகு ஏதோ சொல்ல வந்து இருமினார். சரவணமுத்து அண்ணன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்பறம் எதுக்குச் சாமி தள்ளிப்போட்டுட்டு? நாளைக்கே பூ வெக்க வாரோம். புது லாரியிலயே வாரோம்னு அப்பன்கிட்டச் சொல்லு" என்றார்.